புதிய திணைக்களத் தலைவருக்கான மின்னஞ்சல்: சிறுபோகத்துக்கு முன் கையெழுத்தாக வேண்டியவை

அரச அலுவலகங்களில் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாந் திகதியோடு நடைமுறைக்கு வருகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் நீர்ப்பாசனத்தோடு தொடர்புடைய ஓர் அலுவலகத்தில் நான் பணியாற்றுகிறேன். எங்கள் தலைவர் டிசம்பர் இறுதியில் மாற்றலாகிச் செல்லவிருந்தார். அவருடைய இடத்துக்கு வேறொரு மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வரவிருந்தார். கடந்த ஆண்டின் முக்கிய ஆவணங்கள், எடுக்கப்பட்ட முடிவுகள், நிறைவேறாமல் நிற்கும் வாக்குறுதிகள் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் தொகுத்து அவருக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. வாகனங்கள், பொருட்பதிவேடு, காசோலைப் புத்தகம், பெட்டகத் திறப்பு ஆகியவற்றைக் கையளிப்பதற்கு முறையான படிவங்கள் இருக்கின்றன. ஒரு தலைவர் கூட்டமொன்றில் விவசாயிகளுக்குக் கொடுத்த வாக்கு எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை, ஆனால் அடுத்த தலைவர் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். இந்த அனுபவத்தை எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஜனவரி மாதத்தில் எங்கள் மாவட்டத்தின் நிலையை முதலில் சொல்ல வேண்டும். படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை கதிர் முற்றி நிற்கும். கண்டங்கள் எனப்படும் வயற்பகுதிகள் சிலவற்றில் அறுவடை தொடங்கியிருக்கும். வடகீழ்ப் பருவமழை இன்னும் முழுமையாக ஓய்ந்திராது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி போன்ற குளங்களின் நீர்மட்டத்தைப் பற்றியே எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதிகாரிகளும் விவசாயிகளும் கூடிச் செய்கை அளவையும் நீர்த் திகதிகளையும் தீர்மானிக்கும் சிறுபோக ஆரம்பக் கூட்டம் மார்ச் மாதத்தில் வரும். அந்தக் கூட்டத்தில் முன்னைய கூட்டத்தின் அறிக்கை ஒவ்வொரு விடயமாக வாசிக்கப்படும்போது, புதிதாக வந்த தலைவர் மேசையில் இருந்தபடி, தாம் ஒருபோதும் சொல்லாத வாக்குகளுக்குப் பொறுப்பானவராக விளங்குவார். ஆகவே மின்னஞ்சலைக் கோவை இலக்க ஒழுங்கில் எழுதுவதை விட்டு, எந்த விடயத்தில் அவருடைய முடிவு எந்தத் திகதிக்குள் தேவை என்ற ஒழுங்கில் எழுதத் தீர்மானித்தேன்.

ஆவணங்களைத் தெரிவு செய்வதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். அடுத்த ஆறு மாதங்களுக்குள் இந்த ஆவணத்தின் காரணமாக அவர் ஒரு கையெழுத்து இட வேண்டியிருக்குமா, ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்குமா, ஒரு கொடுப்பனவை அனுமதிக்க வேண்டியிருக்குமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது எவ்வளவு பெரிய அறிக்கையானாலும் கோவையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். இவ்வாறு பார்த்ததில் கடந்த சிறுபோக, பெரும்போக ஆரம்பக் கூட்டங்களின் அறிக்கைகள், ஆண்டிறுதியில் கொடுக்கப்படாமல் நின்ற பொறுப்புகளின் பட்டியல், பதில் முடிவடையாத கணக்காய்வு வினாக்கள், பராமரிப்புக் காலத்தில் இருக்கும் ஒப்பந்தங்களின் பட்டியல், புதிய ஆண்டுக்கான வேலை முன்மொழிவு என ஆறு ஆவணங்களே எஞ்சின. ஒவ்வொன்றுக்கும் கோவை இலக்கத்தோடு, பார்க்க வேண்டிய பக்க இலக்கத்தையும் குறிப்பிட்டேன். நூற்றுக்கணக்கான தாள்கள் கட்டப்பட்ட ஒரு கோவையில் பக்க இலக்கம் இல்லாமல் “அறிக்கையைப் பார்க்கவும்” என்று எழுதினால், விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் விடுமுறையில் இருக்கும் நாளில் அந்தத் தாளை எடுத்துத் தர ஆளிருக்காது.

இனி, எனக்கு அதிக நேரம் எடுத்த விடயத்துக்கு வருகிறேன். அது ஒரு கிளை வாய்க்காலின் தலைப்புக் கதவு. கதவின் அடிப்பகுதி துருப்பிடித்து, பக்கச் சுவரின் கொங்கிரீட்டும் உடைந்திருந்ததால், மூடியிருக்கும்போதும் நீர் கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது. கடந்த ஆண்டின் சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்பின் பிரதிநிதிகள் இதனை எழுப்பினார்கள். அடுத்த சிறுபோகத்துக்கு முன்னர் திருத்தித் தருவதாக அப்போதைய தலைவர் இணங்கினார். கூட்ட அறிக்கையில் இது ஒரே வரி. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 18 இலட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டது. அது வேலைகள் கோவையில் இருந்தது. நிதி ஒக்டோபரில்தான் கிடைத்தது. அப்போது மழை தொடங்கி, பெரும்போகத்துக்கு வாய்க்காலில் நீரும் விடப்பட்டிருந்ததால் வேலை செய்ய முடியவில்லை. டிசம்பர் 31 உடன் அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது. அதற்கான கடிதம் கணக்குக் கிளையின் கோவையில் இருந்தது. ஒரே வாக்குறுதியின் வாக்கு ஒரு கோவையிலும், அளவு இன்னொன்றிலும், பணம் வேறொன்றிலும் கிடந்தன. தனித்தனியாக வாசிப்பவருக்கு மூன்றும் ஒழுங்கான, முடிந்த கோவைகளாகவே தோன்றும்.

“அடுத்த சிறுபோகத்துக்கு முன்” என்பதை மட்டும் எழுதியிருந்தால், ஏப்ரல் வரை அவகாசம் உண்டு என்றே எவரும் எண்ணுவார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு அமர்ந்து திகதிகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது நிலைமை வேறாக இருந்தது. முதல் நீர்விநியோகம் ஏப்ரல் 10 அளவில் தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம். புதிய கொங்கிரீட் தன் முழு வலுவை அடைய ஏறத்தாழ 28 நாட்கள் வேண்டும். அதில் முதல் வாரமாவது இடைவிடாமல் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே மார்ச் இரண்டாம் வாரத்தில் கொங்கிரீட் வேலை முடிந்திருக்க வேண்டும். பழைய சுவரை உடைத்து, பலகையடித்து, கம்பி கட்டுவதற்கு இரண்டு வாரங்கள். பெரும்போகத்துக்கான நீர் அந்தக் கிளையில் பெப்ரவரி இருபதாந் திகதி அளவில்தான் நிறுத்தப்படும். வாய்க்கால் வற்றும் அன்றே வேலையாட்கள் இறங்க வேண்டுமானால் ஒப்பந்தம் அதற்கு முன்னரே கையெழுத்தாகியிருக்க வேண்டும். விலைமனு கோருவதற்கு இரண்டு வாரமும், மதிப்பீட்டுக் குழு பார்ப்பதற்கு ஒரு வாரமும் கழித்தால், ஜனவரி 25 அளவில் விலைமனு அழைக்கப்பட வேண்டும். அதற்கு முன்னர் பழைய மதிப்பீட்டைப் புதிய விலைகளுக்கேற்பத் திருத்தி அங்கீகாரம் பெற வேண்டும். மார்ச் கூட்டத்தில் பேசப்படும் ஒரு வேலைக்கு, புதிய தலைவர் பொறுப்பேற்ற இரண்டாம் வாரத்திலேயே கையெழுத்து இட வேண்டியிருந்தது. மின்னஞ்சலில் வாக்களித்த திகதியைவிட இந்தத் திகதியே முதலில் வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதில் இன்னொரு சிறு தாளும் இருந்தது. இரும்புக் கதவைப் பட்டறையில் செய்வதற்கு மூன்று, நான்கு வாரங்கள் பிடிக்கும். வாய்க்காலில் நீர் ஓடும்போதே அதைச் செய்து வைக்கலாம். ஆனால் கதவு ஏறி இறங்கும் காடியின் அகலத்தையும் ஆழத்தையும் நீர் இல்லாதபோதுதான் சரியாக அளக்க முடியும். எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சென்ற செப்டெம்பரில், சிறுபோகம் முடிந்து வாய்க்கால் காய்ந்திருந்த நாட்களில், அந்த அளவுகளை எடுத்து ஒரு கோடிட்ட தாளில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். இடப்பக்கக் காடி வலப்பக்கத்தைவிடக் கீழே செல்லச் செல்ல ஒடுங்குகிறது என்று அம்புக்குறியிட்டு எழுதியிருந்தார். அந்தத் தாள் மதிப்பீட்டின் பின்புறத்தில், இலக்கம் இடப்படாமல், ஊசியால் குத்தப்பட்டிருந்தது. அது இல்லாவிட்டால் பெப்ரவரி இறுதி வரை காத்திருந்துதான் கதவுக்கு அளவெடுக்க முடியும்; கதவு வந்துசேர ஏப்ரலாகிவிடும். அதற்குப் பக்க இலக்கம் இடுவித்து, ஒளிப்படம் எடுத்து, மின்னஞ்சலோடு இணைத்தேன்.

அந்த விடயத்தை மின்னஞ்சலில் எழுதிய விதம் இது:

> “கிளை வாய்க்கால் தலைப்புக் கதவு. ஜனவரி 12க்குள் தங்கள் முடிவு தேவை. கடந்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில், அடுத்த சிறுபோகத்துக்கு முன்னர் திருத்தித் தருவதாக இணங்கப்பட்டது (கூட்ட அறிக்கை, விடயம் 9). ஜூன் மாத மதிப்பீடு வேலைகள் கோவையின் 41ஆம் பக்கத்தில் உள்ளது, விலைகள் புதுப்பிக்கப்படவில்லை. ஒக்டோபரில் கிடைத்த நிதி பயன்படுத்தப்படாமல் ஆண்டிறுதியில் காலாவதியானது. இவ்வாண்டுக்கான நிதி டிசம்பரில் கோரப்பட்டுள்ளது; பதில் இன்னும் வரவில்லை. நிதி உறுதியாகாமல் ஒப்பந்தம் செய்ய இயலாது. நிதி ஜனவரிக்குள் உறுதியானால் வேலையைச் சிறுபோகத்துக்கு முன் முடிக்கலாம். பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பின்னர் கிடைத்தால், செப்டெம்பருக்கு ஒத்திவைத்து, இப்போகத்துக்குப் பலகையும் மண்மூட்டையும் கொண்டு தற்காலிகமாக அடைக்க வேண்டியிருக்கும். அவ்வாறாயின் மார்ச் கூட்டத்துக்கு முன்னரே கமக்காரர் அமைப்புக்கு அறிவிப்பது நன்று. காடி அளவுகளின் படம் இணைக்கப்பட்டுள்ளது.”

இந்தப் பந்தியில் என்னுடைய பரிந்துரை எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்த நிலையில் எந்த வழி திறந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்தேன். புதிதாக வரும் ஒருவர் முதல் வாரத்திலேயே கீழுத்தியோகத்தரின் முடிவைத் தம் முடிவாக ஏற்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படக்கூடாது. நிதி உறுதியாகாத நிலையில் பொறுப்பொன்றை ஏற்படுத்துவதற்கு நிதிப் பிரமாணம் 94 வரையறை இடுகிறது என்பது அவருக்குத் தெரிந்ததே; இருந்தும் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். ஏனெனில் இந்த மின்னஞ்சல் பின்னர் வேறு எவருக்கேனும் காட்டப்படுமானால், வேலை ஏன் தாமதித்தது என்பது அதிலேயே விளங்க வேண்டும்.

இன்னொரு விடயம் முடிவொன்றுக்குள் மறைந்திருந்த ஒரு வாக்குறுதி. கடந்த ஆண்டு குளத்தில் இருந்த நீரின் அளவைக் கருதி, சிறுபோகத்தில் மேற்கண்டங்களுக்கு மட்டுமே செய்கை அனுமதிக்கப்பட்டது. கடைமடையில் உள்ள கண்டங்கள் விடப்பட்டன. அறிக்கையின் முடிவுப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட ஏக்கர் அளவும், விதைப்பின் இறுதித் திகதியும், நீர் நிறுத்தப்படும் திகதியும் மட்டும் எழுதப்பட்டிருந்தன. விடப்பட்ட கண்டங்களுக்கு அடுத்த சிறுபோகத்தில் முன்னுரிமை என்று சொல்லப்பட்டது, இரண்டு பக்கங்களுக்கு முன்னால் உள்ள கலந்துரையாடல் பகுதியில், ஒரு விவசாயியின் கேள்விக்கான பதிலாக இருந்தது. முடிவுகளை மட்டும் தொகுப்பவர் கண்ணில் அது படாது. ஆனால் வயல்களுக்கான நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானைமாரும் கடைமடை விவசாயிகளும் அந்தப் பதிலைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஒரு போகம் முழுவதும் வயலை வெறுமையாக விட்ட குடும்பத்துக்கு அது சாதாரண வார்த்தையாக இருக்க முடியாது.

ஆகவே கூட்ட அறிக்கைகளைத் தொகுக்கும்போது முடிவுப் பகுதியோடு நிறுத்தாமல் கலந்துரையாடலையும் முழுமையாக வாசித்தேன். “பார்க்கலாம்”, “கவனத்தில் எடுக்கப்படும்”, “அடுத்த முறை” என்று வரும் இடங்களில் எல்லாம் நின்று, யார் சொன்னார், சொல்வதற்கு அவருக்கு அதிகாரம் இருந்ததா, எதிரில் இருந்தவர்கள் அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று பார்த்தேன். கண்டங்களின் முன்னுரிமை பற்றிய இறுதித் தீர்மானம் எங்கள் தலைவருடைய தனி அதிகாரத்தில் இல்லை. அது ஆரம்பக் கூட்டத்தில் எடுக்கப்படுவது. எனவே அதனை வாக்குறுதி என்று எழுதாமல், “கூட்டத்தில் தெரிவிக்கப்பட்டது, கடைமடைக் கண்டங்களின் விவசாயிகள் இதனை எதிர்பார்த்திருக்கிறார்கள்” என்று எழுதினேன். கண்டங்களின் பெயர்கள் வெளிமாவட்டத்தவருக்கு விளங்கமாட்டா என்பதால், வாய்க்கால் வரைபடத்தில் கடந்த ஆண்டு விடப்பட்ட பகுதியை நிறமிட்டு இணைத்தேன்.

இந்த இடத்தில் எழுத்தில் இல்லாத வாக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றலாகிச் செல்லும் தலைவரோடு ஒரு பிற்பகல் அமர்ந்து, கடந்த ஆண்டு எவருக்கேனும் வாய்மொழியாக ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். பின்னர் கள விஜயங்களின் நாட்குறிப்பைத் திறந்து வைத்து, இடம் இடமாகக் கேட்டபோது இரண்டு விடயங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, குளக்கட்டின் மேல் செல்லும் பாதைக்குக் கிரவல் இட்டுத் தருவதாக ஒரு கிராமத்தவரிடம் சொன்னது. நினைவைப் பொதுவாகக் கேட்பதைவிட, நாட்குறிப்பையோ வாகன ஓட்டப் பதிவேட்டையோ முன்னால் வைத்துக்கொண்டு கேட்பதே பலன் தரும். இடத்தின் பெயர் வந்ததும் அங்கு நின்று பேசியவரின் முகமும் நினைவுக்கு வந்துவிடுகிறது. இவற்றைத் தனிப் பகுதியாக, “எழுத்தில் இல்லை, முன்னைய தலைவர் தெரிவித்தபடி” என்ற குறிப்போடு சேர்த்தேன். அனுப்புவதற்கு முன்னர் அந்தப் பகுதியை அவரே வாசித்து ஒப்புக்கொண்டார். அது அவசியம், இல்லையேல் இன்னொருவருடைய வாக்கை நான் உருவாக்கியதாக ஆகிவிடும்.

ஒப்பந்தங்களைப் பற்றிய பகுதி குறுகியது. கடந்த மே மாதம் முடிந்த ஒரு குளக்கட்டுப் பாதுகாப்பு வேலைக்கு ஓராண்டுப் பராமரிப்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும், ரிட்டென்ஷன் என்று எல்லோரும் சொல்லும் பிடித்துவைத்த பணத்தின் மீதிப் பாதியை விடுவிக்குமாறு பட்டியல் வரும். அதில் கையெழுத்திடுபவர் வேலை நடந்தபோது அங்கிருக்காதவர். கட்டு தாங்குமா என்பதை உண்மையில் பரீட்சிப்பது மழைக்காலம்தான் என்பதால், டிசம்பர் மழைக்குப் பின்னர் கற்பதிப்பில் எங்கே சரிவு காணப்பட்டது, அது ஒப்பந்தகாரருக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டதா, நீர்மட்டம் இறங்கியதும் எப்போது கூட்டுப் பரிசோதனை செய்யலாம், வங்கி உத்தரவாதம் எந்த நாளில் முடிகிறது என்ற நான்கையும் எழுதினேன். உத்தரவாதம் முடியும் நாளைத் தடித்த எழுத்தில் இட்டேன். அந்த நாள் கடந்த பின்னர் குறையைக் கண்டுபிடித்தால் அலுவலகத்தின் கையில் பிடிமானம் குறைந்துவிடும்.

அதேபோல் டிசம்பர் கடைசி வாரத்தில் வந்த ஒரு தகவல் அறியும் விண்ணப்பமும் இருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் அதற்குத் தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். தலைவர் மாறுவதற்காக அந்த நாட்கள் நிற்பதில்லை. எனவே முடிவு நாளைக் கணக்கிட்டு, பட்டியலில் கதவு விடயத்துக்கு அடுத்ததாக அதனை வைத்தேன்.

மின்னஞ்சலில் எழுதக்கூடாதவையும் உண்டு. இரண்டு உத்தியோகத்தர்கள் தொடர்பான ஒழுக்காற்று விடயங்கள் அப்போது நிலுவையில் இருந்தன. “அந்தரங்கக் கோவையில் இரு விடயங்கள் உள்ளன, தாங்கள் பொறுப்பேற்ற பின்னர் நேரில் சமர்ப்பிக்கப்படும்” என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எந்தக் கமக்காரர் அமைப்பின் தலைவர் கடுமையாகப் பேசுவார், எந்த ஒப்பந்தகாரர் நம்பத்தக்கவர் என்பவை போன்ற அபிப்பிராயங்களையும் விலக்கினேன். மின்னஞ்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். ஒரு மனிதரைப் பற்றிய ஒரு வரி அவர் வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கிருந்து எங்கே அனுப்புவது என்பதும் சிறிய விடயமன்று. பல அலுவலகங்களில் ஆவணங்கள் ஒரு தலைவரின் தனிப்பட்ட கணக்கில் சேமிக்கப்பட்டு, இணைப்பு மட்டும் பகிரப்படுகிறது; அவர் மாற்றலாகிச் சில மாதங்களில் அந்த இணைப்புத் திறப்பதில்லை. ஆகவே அலுவலகத்தின் உத்தியோகபூர்வ முகவரியிலிருந்தே அனுப்பி, அந்தக் கணக்கிலேயே ஆறு ஆவணங்களின் பிரதிகளையும் வைத்தேன். மின்னஞ்சலின் தலைப்பு வரியை, “ஜனவரியில் தங்கள் முடிவு தேவைப்படும் 4 விடயங்களும் கடந்த ஆண்டுப் பதிவுகளும்” என்று இட்டேன். அச்சிட்ட பிரதியொன்று கையளிப்புக் கோவையிலும் சேர்க்கப்பட்டது.

பொறுப்பேற்ற மறுநாள் காலையில் அவர் என்னை அழைத்தார். அச்சிட்ட பிரதியில் பென்சில் குறிகள் இருந்தன. “கிரவல் பாதை விடயத்தில் எழுத்தில் ஒன்றும் இல்லையே, யார் முன்னிலையில் சொன்னார்?” என்று கேட்டார். கிராம உத்தியோகத்தரும் அங்கு நின்றிருந்தார் என்று சொன்னேன், அதையும் குறித்துக்கொண்டார். கதவு வேலைக்கு அன்றே மதிப்பீட்டைப் புதுப்பிக்கச் சொன்னார். நிதி பற்றி மேலிடத்துக்குத் தாமே தொலைபேசியில் பேசினார். நிதி ஜனவரி இறுதியில் உறுதியானது. காடி அளவுகள் கையில் இருந்ததால் கதவு முன்கூட்டியே பட்டறைக்குப் போனது. மார்ச் இரண்டாம் வாரத்தின் இறுதியில் பக்கச் சுவர் கொங்கிரீட் இடப்பட்டது.

பாதைக்குக் கிரவல் இடும் வாக்கை அவர் ஏற்கவில்லை. அந்தப் பாதையில் மணல் ஏற்றிய வாகனங்கள் ஓடிக் குளக்கட்டின் தோளைச் சிதைத்துக்கொண்டிருந்தன. பாதையைச் சீராக்கினால் அவை அதிகரிக்கும் என்றும், முதலில் தடுப்புத் தூண்கள் இடப்பட வேண்டும் என்றும் கள விஜயத்தின் பின்னர் தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தையும் காரணத்தையும் எழுதி, முன்னைய தலைவர் பேசியதைக் குறிப்பிட்டே அந்தக் கிராமத்தின் சங்கத்துக்குக் கடிதம் அனுப்பச் சொன்னார். கடிதம் சிறுபோகக் கூட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னர் கிடைத்துவிட்டது. அவர்கள் கூட்டத்துக்கு வந்து, தடுப்புத் தூண்களை எந்த இடத்தில் இட்டால் உழவு இயந்திரம் மட்டும் போகலாம் என்பதைப் பேசினார்கள்.